மூக்கு குறையக் குறைய விலை கூடுது

பேஸ்புக்கிலயும் வட்ஸ்அப் குழுக்களிலயும் பேர்சியன் பூனைக்குட்டி விற்கும் விளம்பரங்களை நாலைந்து நாள் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். யாரும் எழுதிவைக்காத ஒரு விலை விதி தன்னால புரியும். மூக்கு கொஞ்சம் வெளியே தெரிந்தால் அது ‘டோல் ஃபேஸ்’, விலை குறைவு. மூக்கு பாதி உள்ளே போயிருந்தால் ‘செமி பன்ச்’, விலை கூட. முகம் தட்டு மாதிரி சப்பையாகி, மூக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஏறி ஒட்டியிருந்தால் ‘பன்ச் ஃபேஸ்’. அதுதான் உச்ச விலை. குத்து வாங்கின மூஞ்சி என்று பேரையும் அவங்களே வச்சிட்டாங்க. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் விளம்பரம் பொய் சொல்லவில்லை.

இந்த விலை விதியை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறோம். மூச்சு விடுவதற்கு இருக்கிற உறுப்பு குறையக் குறைய காசு கூடுகிறது. ஒரு உயிரின் குறையை அழகு என்று பேர் மாற்றி விற்கிறார்கள், நாம சேர்த்த சம்பளத்தைக் கொண்டுபோய் அதை வாங்குகிறோம். மடுல்சீமையிலும் பசறையிலும் லுணுகலையிலும் கொழும்பு வேலைக்குப் போய் வரும் நம் வயசுப் பிள்ளைகள் இப்போது இந்தக் குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால இது கொழும்புக்காரர் பிரச்சினை இல்லை, நம்ம லயத்துப் பிரச்சினை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். “தோட்டத்தில இருக்கிறவனுக்கு எதுக்குடா பேர்சியன் பூனை, அதெல்லாம் துரை பங்களாவில வளர்க்கிறது” என்று பேசுகிற பெரியவர்களோடு நாங்கள் கூட்டுச் சேரவில்லை. அழகான ஒன்றை ஆசைப்பட்டு வளர்க்கிற உரிமை காம்பராவில் இருக்கிறவருக்கும் உண்டு. எங்கள் மறுப்பு அந்த ஆசைக்கு இல்லை. தட்டை முகப் பூனையைப் பங்களாவில் வளர்த்தாலும் அதுக்கு மூச்சு திணறத்தான் செய்யும். வித்தியாசம் என்னவென்றால், அந்தத் திணறலைக் கவனிக்கிற வசதியும் நேரமும் பங்களாவில் இருக்கலாம், நம்மிடம் குறைவு. அந்தக் குறைவின் விலையைக் கொடுக்கப் போவது அந்தப் பூனை.

மூக்கு போன இடம்

நீளமுடிப் பூனைகள் ஐரோப்பாவுக்குப் போன கதையில் பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணியின் பேர் வரும். 1620ஆம் ஆண்டளவில் பாரசீகத்தின் கொராசான் பகுதியிலிருந்து அவர் இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அந்தப் பூனைகளுக்கு நீளமுடி இருந்தது, மூக்கும் இருந்தது. 1871இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது. அந்தக் காலத்துப் படங்களிலும் பேர்சியன் பூனைக்கு மூக்கு வெளியே நீட்டித்தான் இருக்கிறது. முகம் தட்டையானது அதற்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டில். கண்காட்சி மேடையில் வட்ட முகத்துக்குப் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கின பூனையிலிருந்தே குட்டி எடுத்தார்கள். அந்தக் குட்டிகளிலும் இன்னும் மூக்குக் குறைந்ததையே திரும்பப் பொறுக்கினார்கள். ஆக, “பேர்சியன்னா மூஞ்சி அப்படித்தான் இருக்கும், இயற்கை” என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். அது மனிதர் கை வைத்துச் செய்தது.

பூனையின் மூக்குக்குள் மெல்லிய சுருள் எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஈரமான தோல் போர்த்தியிருக்கும். உள்ளே போகும் காற்று அந்தச் சுருள்களைத் தடவிக்கொண்டு போகும்போது சூடாகிறது, ஈரமாகிறது, தூசும் வடிகிறது. மண்டையோட்டைக் குட்டையாக்கினால் எலும்பு குறைகிறது, ஆனால் உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறைவதில்லை. பெரிய மெத்தையைச் சின்னப் பெட்டியில் அமுக்கினது போல எல்லாம் நெருங்கிக் கிடக்கும். வெளியே மூக்குத் துவாரமும் ஒடுங்கி வெறும் கீறலாகிவிடும். அந்தக் கீறல் வழியாகத்தான் அந்தப் பூனை வாழ்நாள் முழுக்க காற்றை இழுக்க வேண்டும்.

நாய் வாயைத் திறந்து இரைக்கிறதை நாம தினம் பார்க்கிறோம். பூனை அப்படி இல்லை. அது மூக்கால் மூச்சு விடுகிற பிராணி. ஓய்வாக இருக்கும் பூனை வாயைத் திறந்து இரைத்தால் அது விளையாட்டில்லை, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய அவசரம். அந்த நிலைக்கு வரும் முன்னே பல அடையாளங்கள் தெரியும். தூங்கும்போது குறட்டை வரும். முழித்திருக்கும்போதும் மூக்கில் ‘கொர்ர்’ என்று சத்தம் வரும். நூல் பந்துக்குப் பின்னால் ரெண்டு தரம் ஓடிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் வீடியோ எடுத்து, ‘குறட்டை விடும் செல்லம்’ என்று சிரிப்புப் படம் போட்டுப் பகிர்கிறார்கள். “பேர்சியன் ரொம்ப அமைதி, ஒரு இடத்திலயே கிடக்கும்” என்று விளம்பரத்திலும் போடுகிறார்கள். அமைதியான குணமுள்ள பூனைகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் ஓடினால் மூச்சு முட்டுது என்பதற்காக உட்கார்ந்திருக்கும் பூனையும் பார்வைக்கு அமைதியாகத்தான் தெரியும். 2016இல் பூனைகளின் முகப் படங்களை அளந்து, வளர்ப்பவர்களிடம் விபரம் கேட்டு ஒரு ஆய்வு வெளிவந்தது. முகம் தட்டையாக ஆக மூச்சுச் சிக்கல் கூடுகிறது என்றும், அந்தச் சிக்கலோடு கண்ணீர்க் கறையும் ஓடியாடாத தன்மையும் சேர்ந்து வருகின்றன என்றும் அது காட்டியது.

கண்ணீர்க் கறையும் இதே மூக்கின் கதைதான். கண்ணில் சுரக்கும் நீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குள் வடிய வேண்டும். முகத்தை அமுக்கினால் அந்தக் குழாய் கோரைப்பல் வேருக்குக் கீழே மடங்கி வளைந்துவிடுகிறது. நீர் போக வழியில்லாமல் கன்னத்தில் வழிகிறது. மூக்கோரம் எப்போதும் நனைந்து, பழுப்புக் கறை பிடித்து, தோல் மடிப்பில் புண் வைக்கிறது. கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு வேறு பஞ்சால் தினம் துடைக்கலாம், துடைக்கத்தான் வேணும். ஆனால் துடைத்தால் கறை போகும், குழாய் நேராகாது. “கண்ணு தண்ணி ரெண்டு மாசத்தில நின்டுரும், குட்டிதானே” என்று சொல்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார்.

முடி என்பது வேலை

நீளமுடியைப் பற்றி விளம்பரம் ‘டபிள் கோட்’, ‘ட்ரிபிள் கோட்’ என்று பெருமை பேசும். கோட் எத்தனை என்று சொல்கிறவர், அதைச் சீவுவது யார் என்று சொல்வதில்லை.

நாட்டுப் பூனை தன் முடியைத் தன் நாக்கால் தானே சீவிக்கொள்ளும். பேர்சியனின் முடி மெத்தென்று நீளமாக, அடியில் பஞ்சு போல இன்னொரு முடியோடு இருக்கும். நாக்கால் மட்டும் அதைச் சமாளிக்க முடியாது. முகம் தட்டையாக இருந்தால் வாய் உடம்பை எட்டுவதும் கஷ்டம். அதனால அந்த வேலை மனிதர் கைக்கு வருகிறது. அகலப் பல்லுள்ள இரும்புச் சீப்பால் முதலில், நெருக்கப் பல் சீப்பால் பிறகு, தினமும் 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கு முதலில் பிடிக்கிற இடங்கள் காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, வயிறு, பின் தொடை, வாலடி. முதுகை மட்டும் தடவிச் சீவிவிட்டு ‘பளபளன்னு இருக்கு’ என்று நினைப்பவர்தான் ஒரு மாதம் கழித்து வயிற்றில் கம்பளித் துண்டு மாதிரி ஒட்டின சிக்கைக் கண்டுபிடிப்பார்.

இப்போது நம்ம கணக்குப் போடுவோம். நாளுக்கு 20 நிமிடம் என்றால் வருசத்துக்கு 7,300 நிமிடம், ஏறக்குறைய 122 மணித்தியாலம். எட்டு மணித்தியாலம் ஒரு பேர் என்று பிரித்தால் 15 பேர். மலையில் அம்மா 15 நாள் கொழுந்து எடுக்கிற நேரம், ஒரு பூனைக்குத் தலை சீவ மட்டும் போகும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் 20,250 ரூபாய்க்குரிய உழைப்பு. இதை யாரும் சம்பளமாகக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் குட்டி வாங்கி வந்த அண்ணன் கொழும்புக்குத் திரும்பிப் போன பிறகு, அந்த 15 பேரும் யார் தலையில் விழும்? வீட்டில் இருக்கிற அம்மாவோ அக்காவோதான் போடணும். ஏற்கெனவே ஒரு நாளில் ரெண்டு நாள் வேலை செய்கிறவர்களுக்கு அன்பளிப்பு என்ற பேரில் இன்னொரு வேலை.

“பேர்சியனுக்கு குளிர் ஊர்தான் நல்லது, மடுல்சீமைக்கு ஏத்த பூனை” என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. பாதி உண்மை. கொழும்பு வெக்கையில் அந்த முடியோடும் அந்த மூக்கோடும் இருப்பதைவிட இங்கே வெப்பம் குறைவு, அதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் நம்ம ஊர் வெறும் குளிர் ஊர் இல்லை. ஒக்டோபர் பிந்தி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. மூடுபனி காம்பராவுக்குள்ளேயே வந்து உட்காரும், துவைத்த உடுப்பே நாலு நாளாகக் காயாது. அந்த ஈரத்தில் நீளமுடியும் காயாது. நனைந்து காய்ந்த சிக்கு முன்னைவிட இறுகும். இறுகின சிக்கு தோலைப் பிடித்து இழுக்கும், அடியில் காற்றுப் படாமல் தோல் அவியும். வாலடி முடியில் மலம் ஒட்டி ஈரமாகவே இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று புகை. நம்ம வீடுகளில் பெரும்பாலும் விறகு அடுப்பு. குளிருக்குப் பூனை தேடிப்போகிற இடமும் அந்த அடுப்படிதான். மூக்கு நீட்டின நாட்டுப் பூனைக்கே புகை நல்லதில்லை. தூசை வடிக்கும் சுருள் எலும்பு நெருங்கிப்போன பூனையை அதே அடுப்படியில் படுக்கவிட்டால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு குட்டியின் ஆறு மாதம்

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவன், தங்கச்சி ஆசைப்பட்டதுக்காக, ஒரு பன்ச் ஃபேஸ் குட்டியை வாங்கி, தும்பு போட்ட பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் கொண்டுவந்தான். வழி நெடுக பெட்டிக்குள்ளிருந்து மூக்குச் சத்தம். “பயத்தில கத்துது” என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாராம். பெட்டியில் காற்று போக ரெண்டே ஓட்டைதான் இருந்தது.

முதல் மாதம் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டில்தான். ரெண்டாம் மாதம் கண்ணோரம் கறுத்தது. தட்டில் போட்ட சாப்பாட்டை அதனால் கவ்வ முடியவில்லை. கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளியிருந்ததால் சோறு பாதி கீழே விழுந்தது. தட்டையான, அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் எடுக்கும் என்று அந்தத் தங்கச்சியே பார்த்துக் கண்டுபிடித்தாள். நவம்பர் மழையில் முன்னங்கால் இடுக்கில் சிக்கு பிடித்தது. சிக்குப் போகட்டும் என்று குளிப்பாட்டினார்கள். அது இன்னும் இறுகியது. அப்பாயி கத்தரிக்கோலை எடுத்துச் சிக்கை வெட்டினார். சிக்கோடு சேர்ந்து மேலே இழுபட்டிருந்த தோலும் வெட்டுப்பட்டது.

இது அப்பாயியின் குற்றம் இல்லை. பூனையின் தோல் மெல்லியது, சிக்கைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடாரம் மாதிரி கூடவே எழும்பும். கண்ணுக்கு முடி மட்டும்தான் தெரியும். அதனால்தான் சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது, சிக்கு இருக்கும்போது நனைக்கவும் கூடாது என்று சொல்வார்கள். சின்னச் சிக்கை விரலால் பிரித்து நுனியிலிருந்து சீவி எடுக்கலாம். இறுகினதை மிசினால் வழிக்க வேணும். இதைக் குட்டி விற்றவர் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் புண் வந்திருக்காது.

பிறகு சின்னத் தம்பியின் கையில் வட்டமாகப் படை வந்தது. பூனையின் முடிக்கடியில் அதே படை இருந்திருக்கிறது, நீளமுடி மறைத்துவிட்டது. பேர்சியன் பூனைகளுக்குப் படர்தாமரைப் பூஞ்சை எளிதில் வருகிறது, மனிதருக்கும் தொற்றுகிறது. அஞ்சாறு பேர் ஒரே காம்பராவில், ஒரே போர்வையில் படுக்கிற வீட்டில் அது ஒருவரோடு நிற்காது. பூனைக்கு மருந்து, பிள்ளைகளுக்கு மருந்து, துணி எல்லாம் சுடுதண்ணீரில் என்று வாரக்கணக்கில் அந்த வீடு அலைந்தது. பசறை வழியாகப் பதுளைக்குப் பூனையைக் கொண்டுபோன நாளில் அம்மாவுக்கு ஒரு பேர் போச்சு. மருத்துவர் முடியை முழுக்க வழிக்கச் சொன்னார். மயக்க மருந்து கொடுத்துச் செய்தால் சுலபம், ஆனால் இந்த மூக்குக்கு மயக்கம் கொடுப்பதே ஆபத்து என்று முழிப்பிலேயே மெதுவாக, நிறுத்தி நிறுத்தி வழித்தார்களாம். அப்போதுதான் அந்த வீட்டாருக்கு முழுசாகப் புரிந்தது: முடியின் பிரச்சினையைத் தீர்க்கப் போனால் மூக்கின் பிரச்சினை குறுக்கே நிற்கிறது.

இது ஏதோ கவனமில்லாத ஏழை வீட்டுக் கதை என்று யாராவது நினைத்தால், பிரித்தானியாவைப் பார்க்கட்டும். 2019இல் அங்கே மிருக வைத்தியர்களிடம் வந்த 3,235 பேர்சியன் பூனைகளின் பதிவுகளை எடுத்து ஒரு ஆய்வு வந்தது. அவற்றில் அதிகம் பதிவான கோளாறு முடி சம்பந்தப்பட்டதுதான், ஏறக்குறைய 13 வீதம். சீப்பும் மிசினும் மருத்துவரும் கிட்டத்தில் இருக்கிற நாட்டிலேயே அந்த முடியைச் சமாளிக்க முடியவில்லை.

“சோடி வாங்கிக் குட்டி போட்டா காசு”

இன்னொரு ஆசையும் காட்டப்படுகிறது. ஆணும் பெண்ணும் வாங்கி வளர்த்தால் வருசத்துக்கு ரெண்டு ஈத்து, குட்டிக்கு இவ்வளவு, போட்ட காசு கைக்கு வந்துரும் என்று. வேலையில்லாமல் இருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இது பெரிய தூண்டில்.

ஈனுகிற நேரத்தைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரியும் இருக்காது. தட்டை முகக் குட்டியின் தலை பெரியது, உருண்டையானது. அது வழியில் சிக்கிக்கொள்ளும் சம்பவங்கள் இந்த வகையில் கூட. சிக்கினால் தாயின் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேணும். மழை ராத்திரியில் மடுல்சீமையில் இருந்து அதுக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? நம்ம பக்கத்து அரச மிருக வைத்தியருக்கு மாடும் ஆடும் கோழியும்தான் முதல் வேலை. நாட்டில் மிருக வைத்தியம் படிப்பிக்கும் ஒரே பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன. அது வரைக்கும் தாய்ப்பூனை தாங்காது.

சட்டம் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். மிருகவதையைத் தடுக்க இந்த நாட்டில் இருக்கிற கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது, வெள்ளைக்காரன் காலத்தது. வண்டிமாட்டை அடிப்பதை மனதில் வைத்து எழுதினது. மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு உயிரை உருவாக்கி விற்பது அந்தக் காலத்துச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. ஆக இந்த வியாபாரத்தை நிறுத்தக்கூடிய ஆள் இன்றைக்கு ஒருவர்தான். காசு கொடுக்கிறவர்.

வாங்கப் போகிறவருக்கு

எங்கள் நிலைப்பாடு நேரானது. பன்ச் ஃபேஸ் வேண்டாம். செமி பன்ச்சும் வேண்டாம். விலை குறைத்துத் தந்தாலும், சும்மா தந்தாலும் விற்பவரிடமிருந்து எடுக்க வேண்டாம். “பாவம், நாம எடுக்காட்டி அந்தக் குட்டி என்னாகும்” என்ற இரக்கம் நமக்கும் இருக்கிறது. ஆனால் விற்பவருக்கு உங்கள் இரக்கம் தெரியாது, கூடு காலியானது மட்டும்தான் தெரியும். காலியான கூட்டுக்கு அடுத்த குட்டி வரும். ஏற்கெனவே வளர்த்துக் கைவிட்ட பூனையை ஒருவர் எடுத்து வளர்ப்பது வேறு. அது வியாபாரத்துக்குத் தீனி போடாது.

நீளமுடிதான் ஆசை என்றால் மூக்குள்ள குட்டியைத் தேடுங்கள். பார்ப்பது எப்படி? குட்டியின் முகத்தை நேராகப் பார்த்து, கண்ணின் கீழ் இமையோரமாக மனசுக்குள் ஒரு கோடு போடுங்கள். மூக்குத் தோலின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் பிரித்தானியப் பூனைச் சங்கமே அதைக் குறை என்று எண்ணிப் பரிசு கொடுக்காது. நாங்கள் சொல்வது அதைவிடக் கடுமை: மூக்கு கோட்டுக்கு நல்லாக் கீழே இருக்க வேணும், பக்கவாட்டில் பார்த்தாலும் முகத்தை விட்டு வெளியே தெரிய வேணும். அதனால் விற்பவரிடம் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். எல்லா விளம்பரமும் நேர் முகத்தைத்தான் காட்டும், காரணம் இல்லாமல் இல்லை. மூக்குத் துவாரம் கீறலாக இல்லாமல் திறந்து இருக்குதா என்று கிட்டத்தில் பாருங்கள்.

அடுத்தது காது. குட்டி தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தூங்கும் பூனையின் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள், நல்ல பூனைக்கு 30க்குக் கீழே இருக்கும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். மூக்கு ஒடுங்கின பூனை வேகமாக மூச்சு விடாது, கஷ்டப்பட்டு இழுக்கும். எண்ணிக்கை சரியாக இருந்து, சத்தமும் வயிறு உள்ளே வாங்குவதும் இருந்தால் அது சரியில்லாத பூனைதான். பிறகு ஐந்து நிமிடம் விளையாட விட்டுத் திரும்பக் கேளுங்கள். தூரத்தில் இருந்து வாங்குவதானால் தூங்குகிற வீடியோவைச் சத்தத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். பாட்டுப் போட்டு அனுப்பினால் வாங்காதீர்கள்.

தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். பேர்சியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரப் பாதி வாய்ப்பு. அதைக் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனை 2004 முதல் இருக்கிறது. சோதனை அறிக்கை இருக்கா என்று கேளுங்கள். ‘அப்படி ஒன்னு இருக்கா?’ என்று விற்பவர் திருப்பிக் கேட்டால், அவர் விற்பது எதை என்று அவருக்கே தெரியாது.

எல்லாம் பார்த்து மூக்குள்ள நீளமுடிக் குட்டி கிடைத்தாலும் அந்த 15 பேர் கணக்கு மாறாது. சீவப் போவது யார் என்று குட்டி வாங்கும் முன்னே வீட்டில் பேர் சொல்லி முடிவெடுங்கள். அந்த ஆள் வெளியூரில் வேலை செய்கிறவராக இருந்தால் அந்த முடிவு செல்லாது. இல்லாவிட்டால் மழைக் காலத்துக்கு முன்பே வயிறு, கால் இடுக்கு, வாலடி முடியை மிசினால் குட்டையாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீளமுடியை ஆசைப்பட்டு வாங்கி வழிக்கவா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை வாங்கும் முன்னே கேட்டிருக்க வேணும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம்.

முடி வேண்டாம், பூனைதான் வேணும் என்கிறவருக்கு ஊர் முழுக்கப் பூனை இருக்கிறது. ஸ்டோர் பக்கத்திலும் கோயில் மடத்திலும் சாக்கில் கட்டி விட்டுப்போன குட்டிகள் கிடக்கின்றன. மூக்கு முழுசு, முடி குட்டை, தன்னைத் தானே சீவிக்கொள்ளும், காம்பராவுக்கு எலியும் வராது. பேர்சியனுக்குப் போடுகிற காசில் ஒரு பங்கில் அதுக்கு விசர்நாய் நோய் ஊசியும் கருத்தடையும் செய்துவிடலாம். “அது நாட்டுப் பூனைதானே” என்று இளக்காரமாகச் சொல்கிற குரலை நாம எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? ‘தோட்டத்து ஆள்தானே’ என்று நம்மைச் சொன்ன அதே குரல்தான். வெளிநாட்டுப் பேர் இருந்தால் உசத்தி, நம்ம மண்ணில் பிறந்தால் மட்டம் என்ற கணக்கை நாம நம்ம வீட்டுப் பூனை மேலேயும் போட வேண்டாம்.

நம்ம பக்கத்தில் விற்பனைக் குழுக்கள் நடத்துகிற நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. பூனை விளம்பரம் போட வருகிறவரிடம் பக்கவாட்டு முகப் படமும், சத்தத்தோடு தூங்குகிற வீடியோவும் கட்டாயம் என்று விதி வையுங்கள். ரெண்டும் இல்லாத விளம்பரத்தை நீக்குங்கள். ‘பன்ச் ஃபேஸ்’ என்று பெருமையாகப் போடுவதை அனுமதிக்காதீர்கள். நமக்குள்ளே இருக்கிற பத்துக் குழுவில் இது நடந்தாலே, மூக்கில்லாத குட்டிக்கு இந்த மலையில் விலை இல்லை என்று விற்பவருக்குத் தெரிந்துவிடும்.